தொண்ணூற்றைந்து சதவீதமும் தவறிய ஒரு குண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தங்கை சிறு வயதிலிருந்தே மாரியோ ஆட்டங்களும் புதிர் ஆட்டங்களும் ஆடுகிறவள். எனக்கு மிகவும் பிடித்த ‘எக்ஸ்காம் 2’-ஐ அவளிடம் கொடுத்தேன். 95 சதவீதம் படும் என்று திரையில் காட்டிய குண்டு தவறியது, அவள் பெயர் வைத்து வளர்த்த வீராங்கனை செத்துப்போனாள். “முறை மாற்றி ஆடும் போர் ஆட்டமெல்லாம் எனக்கு ஆகாது” என்று மூடிவைத்துவிட்டாள். வீட்டில் கணினியும் ஸ்விட்சும் இருக்கின்றன. அவளை மெல்ல உள்ளே அழைத்துவர வழி உண்டா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

வழி உண்டு. அதற்கு முன், அவளை விரட்டியது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ‘எக்ஸ்காம் 2’ ஒரே மூச்சில் நான்கு சுமைகளைத் தோளில் ஏற்றுகிறது: கட்டம் கட்டமாக யோசிப்பது, குருட்டு அதிர்ஷ்டம், செத்த வீரர் திரும்பாதது, பல பணிகளில் இத்தனை முறைக்குள் முடி என்ற கெடு. புதிர் ஆட்டம் ஆடுகிறவளுக்கு முதலாவது பிடிக்காமல் இருக்க வாய்ப்பில்லை. ஆகவே அதை மட்டும் முதலில் கொடுங்கள். மற்றவை ஒவ்வொன்றாக வரட்டும்.

முதல் படி, 2018-இல் வந்த ‘இன்டு தி பிரீச்’. எட்டுக்கு எட்டுக் கட்டம், உங்களிடம் மூன்று இயந்திரங்கள். எதிரிப் பூச்சிகள் அடுத்து எதைத் தாக்கப்போகின்றன என்பது உங்கள் முறை தொடங்கும்போதே திரையில் தெரிந்துவிடும். உங்கள் அடி ஒருபோதும் தவறாது. ஃபயர்ஃபிளை என்ற சுடும் பூச்சி ஒன்று, நீங்கள் காக்க வேண்டிய கட்டடத்தை நோக்கிக் குறிவைத்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மூன்று உயிர்ப்புள்ளி. உங்கள் குத்து இரண்டைத்தான் குறைக்கும், கொல்ல முடியாது. ஆனால் குத்து அதை ஒரு கட்டம் தள்ளும். பக்கவாட்டில் நின்று குத்தினால் அது அடுத்த வரிசைக்கு நகரும், சுடும் திசை மாறாது. அந்த வரிசையில் இன்னொரு பூச்சி நின்றால் குண்டு அதன்மேல் பாயும். கட்டடம் தப்பியது, எதிரியை எதிரியே அடித்தது! இந்தக் கண்டுபிடிப்பை அவளே செய்யட்டும், நீங்கள் விரலை நீட்டிக் காட்டாதீர்கள். இங்கும் அதிர்ஷ்டம் கொஞ்சம் உண்டு: அடிபட்ட கட்டடம் சிறு வாய்ப்பில் சேதமின்றித் தப்பலாம். அதாவது அதிர்ஷ்டம் எப்போதாவது அவளுக்கு உதவும், அவள் கணக்கைக் கெடுக்காது. இந்த ஆட்டத்தை முதல் படியாக நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்து, ஸ்விட்சில் ‘மாரியோ + ராபிட்ஸ் கிங்டம் பேட்டில்’ (2017). அவளுக்குப் பழகிய முகங்கள். இங்கே குண்டு தவறும், ஆனால் கணக்கு எளியது: எதிரி வெட்டவெளியில் நின்றால் நூறு, அரை மறைவில் ஐம்பது, முழு மறைவில் பூஜ்யம். ஐம்பதை நம்பிச் சுடுவதைவிட, பக்கம் மாறிப்போய் நூறாக்கிச் சுடுவதே வழி என்பதை இந்த ஆட்டம் பழக்கிவிடும். எக்ஸ்காமின் உயிர்நாடியும் அதுதான்.

அவள் அடுத்த படிக்குத் தயாரா என்பதைத் தோற்ற பிறகு அவள் சொல்வதிலிருந்து அறியலாம். “இவனை முதலில் நகர்த்தியிருக்க வேண்டும்” என்றால் தயார். “ஆட்டம் ஏமாற்றுகிறது” என்றால் அங்கேயே இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். நகர்வுகளைக் கணக்கிடுவதே சலிப்பாக இருக்கிறது என்றால் இந்த ஏணி அவளுக்கு உதவாது, விட்டுவிடுங்கள். முதல் ஆட்டத்திலேயே மகிழ்ந்து நின்றுவிட்டாலும் இழுக்காதீர்கள், அது தன்னளவில் முழுமையான ஆட்டம்.

மூன்றாவதாக ‘எக்ஸ்காம் 2’ வேண்டாம், 2012-இல் வந்த ‘எக்ஸ்காம்: எனிமி அன்னோன்’ கொடுங்கள். அதில் பெரும்பாலான பணிகளுக்குக் கெடு கிடையாது. கடின அளவை ‘ஈஸி’யில் வையுங்கள், பழைய சேமிப்புக்குத் திரும்பவிடாத ‘அயர்ன்மேன்’ முறையைத் தொடாதீர்கள். முக்கியமாக, ஒவ்வொரு வீரரிடமும் ஒரு கையெறிகுண்டு இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அது தவறாது, மூன்று புள்ளி சேதம், ‘செக்டாய்ட்’ என்ற முதல் எதிரியைக் கொல்ல அது போதும், பல மறைவுகளையும் உடைத்துவிடும். முதல் படியில் பழகிய உறுதி அவள் கையில் தொடர்ந்து இருக்கும். வெடித்துக் கொன்றால் எதிரியின் ஆயுதத் துண்டுகள் கிடைக்காது என்பது பின்னால் தெரியவரும்போது, அவளாகவே துப்பாக்கிக்கும் கையெறிகுண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்கத் தொடங்குவாள்.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவையுங்கள். சேமித்த இடத்துக்குத் திரும்பிப்போய் அதே குண்டை அதே மாதிரி சுட்டால் அதே விடைதான் வரும். ஆட்டம் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. இது தெரியாவிட்டால் மூன்றாம் முறையும் தவறும்போது பழைய கோபம் திரும்பிவிடும். தெரிந்தால், வேறொரு நகர்வை முதலில் செய்து பார்ப்பாள், அல்லது அந்தக் குண்டையே நம்பாத ஒரு திட்டத்தைத் தேடுவாள்.