முருகேசன் எங்கள் அப்பா

"புனேயில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ரெக்ரூட்டரின் மெயில் 'Dear Mr. Murugesan' என்று தொடங்குகிறது. முருகேசன் என் அப்பா! உள்ளே என் பெயரை 'Ezilarasi' என்று எழுதியிருக்கிறார். வியாழக்கிழமை இன்டர்வியூ. திருத்தினால் திமிர் பிடித்தவள் என்று நினைப்பாரோ, விட்டால் இதே பெயர் ஒட்டிக்கொள்ளுமோ என்று குழப்பம். என்ன செய்யட்டும் மேடம்?"
– மு. எழிலரசி, ஈரோடு

எழிலரசி, பதில் எழுதுவதற்கு முன்னால் நீங்கள் நிரப்பிய விண்ணப்பப் படிவத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். 'Last name' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவே விடாது, அதனால் அப்பா பெயரைப் போட்டிருப்பீர்கள். நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் போடுகிறோம். ரெக்ரூட்டர் பயன்படுத்தும் மென்பொருள் அந்தக் கட்டத்தில் இருப்பதை எடுத்து 'Dear' பக்கத்தில் ஒட்டிவிடும். முருகேசன் என்று பார்த்ததும் 'Mr.' வந்து சேர்ந்திருக்கும். ஆனால் 'Ezilarasi' அவர் கையால் தட்டியது. 'zh' நமக்குத்தான் ழ. புனேக்காரருக்கு அது தேவையில்லாத ஒரு 'h'.

பதினான்கு வருடம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவள் நான். திருத்தி எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. ஒரு பெண்ணுக்கு 'Sir' என்று மெயில் அனுப்பி, அவர் ஒற்றை வரியில் திருத்தியபோது, நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த நிமிடமே பதிவை மாற்றினேன். தமிழ்ப் பெயரிடும் முறையைப் பற்றி மூன்று பத்தி எழுதியவரும் உண்டு. அதை முழுக்கப் படிக்க எனக்கு நேரமில்லை. வேறொருவர் 'மன்னிக்கவும்' என்று தொடங்கினார். தப்பு செய்தது நான், அவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது.

ஆகவே, ரெக்ரூட்டர் கேட்டதற்கு முதலில் பதில், திருத்தம் அதற்குப் பிறகு:

"நன்றி. வியாழன் 11 மணி எனக்கு வசதிப்படும். ஒரு சின்னத் திருத்தம்: என் பெயர் Ezhilarasi, என்னை Ms. என்று குறிப்பிடலாம், Murugesan என் தந்தையின் பெயர். உங்கள் பதிவிலும் இன்டர்வியூ அழைப்பிலும் மாற்றிவிட்டால் உதவியாக இருக்கும்."

ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசை, இதே நீளம் போதும். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதிவு மாறாமல் மெயிலில் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனால், மென்பொருள் அடுத்த வாரம் மறுபடி முருகேசனையே கூப்பிடும். மானேஜரையும் மெயிலில் சேர்த்திருந்தால் பதிலை ரெக்ரூட்டருக்கு மட்டும் அனுப்புங்கள். நாலு பேர் பார்க்கத் திருத்தினால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். கையொப்பத்தில் 'Ezhilarasi M (Ms.)' என்று போட்டுவையுங்கள். வீடியோ இன்டர்வியூவில் திரையில் தெரியும் பெயரும் அதுவாகவே இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இன்டர்வியூவில் யாராவது "மிஸ்டர் முருகேசன் வந்துட்டாரா?" என்றால், "வணக்கம், நான்தான் எழிலரசி. முருகேசன் எங்கப்பா" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். அவர்கள் 'எசிலரசி' என்று உச்சரித்தால் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ழ வராத தமிழர்களே ஊரெல்லாம் இருக்கிறார்கள். வேண்டுமானால் 'எழில்' என்று கூப்பிடச் சொல்லுங்கள், அவர்களுக்கும் பாதிச் சிரமம் குறையும்.

எழுத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாத ஓர் இடம் உண்டு, அது ஆஃபர் லெட்டர். பி.எஃப். கணக்கில் உங்கள் பெயரை ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரு எழுத்து இடித்தால் பின்னாளில் அதைத் திருத்த வேண்டியிருக்கும், அது வீண் அலைச்சல். ஆதாரில் 'Ezhilarasi M' என்றும் பான் கார்டில் அப்பா பெயர் விரிந்தும் இருப்பது நம் ஊரில் சகஜம், ஏனென்றால் பான் விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது. அதனால் அவர்கள் ஆவணங்கள் கேட்கும்போதே, ஆஃபர் லெட்டரில் எந்தப் பெயர், எந்த எழுத்துகளில் வர வேண்டும் என்று தனியாக ஒரு வரி எழுதிக் கொடுங்கள். வரைவு வந்ததும் சம்பளத்துக்கு முன்னால் பெயரைப் பாருங்கள் (யாரும் பார்ப்பதில்லை, எனக்குத் தெரியும்).

இன்றைய மெயிலை அனுப்புவதற்கு முன் ரெக்ரூட்டரின் பெயரையும் அவருடைய கையொப்பத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிடுங்கள். திருத்தம் கேட்கும் மெயிலிலேயே Shubhra-வை 'Subra' ஆக்கி அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.