ஒரு பூசணி விளக்கு வீடியோவிலிருந்து மூன்று பதிவுகள்

“அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணி விளக்கு ஏற்றுவதை 45 வினாடி வீடியோவாக எடுத்து, நானே பேசி யூடியூபில் போட்டேன். அதையே எழுத்துள்ள படமாகவும், ஆடியோவாகவும், சேனலின் சமூகப் பதிவாகவும் மாற்றுவது எப்படி?” – வாசகி, பாலக்கோடு

முதலில் ஆடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் அதிகம் கெடுவது அதுதான். வீடியோவில் “இதோ, இப்படி வெட்டி, இதை எடுத்துவிட்டு” என்று நீங்கள் சொல்லும்போது கையைக் கண் பார்த்துக்கொள்கிறது. ஒலியை மட்டும் பிரித்தெடுத்தால் அந்த வாக்கியத்தில் பொருளே மிஞ்சாது. திரையைக் கவிழ்த்து வைத்து ஒருமுறை கேளுங்கள். “இதோ”, “இங்கே” என்று வரும் இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, “பூசணியைக் குறுக்கே இரண்டாக வெட்டி, விதையை வழித்தெடுத்து, குழியில் எண்ணெய் ஊற்றித் திரி போட வேண்டும்” என்பதுபோல் மறுபடி பேசிப் பதியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி கைப்பேசியை வைத்தால் போதும். கோயில் மணியோசையைத் தொடக்கத்தில் இரண்டு மூன்று வினாடி விட்டுவைக்கலாம். ஆனால் அது கரகரவென்று உடைந்து கேட்டால் ஒலியளவைக் குறைத்துப் பயனில்லை, ஏனெனில் பதிவாகும்போதே உடைந்த ஒலி திரும்பாது; வெட்டிவிடுங்கள். பின்னணியில் சினிமா பக்திப் பாடல் இருந்தால் அதையும் நீக்குங்கள், உரிமைப் புகார் வரக்கூடும்.

படத்துக்கு, வீடியோவை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைவிட அடுத்த முறை தனியாக ஒரு புகைப்படம் எடுப்பதே நல்லது. அசையும் கை வீடியோவில் மங்கலாகத்தான் நிற்கும். இப்போது வீடியோதான் இருக்கிறதென்றால், கை விலகிச் சுடர் நிமிர்ந்து நிற்கும் நொடியைத் தேர்ந்தெடுங்கள். 1080 x 1920 அளவுள்ள நெடும்படத்தை 1080 x 1350 ஆக வெட்டும்போது 570 பிக்சல் உயரம் போய்விடும் என்பதால், விளக்கு நடுவில் அமைந்து, மேலே எழுத்துக்கு இருண்ட இடம் கிடைக்குமாறு பாருங்கள். பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பி, படத்தைத் திறக்காமலே எழுத்துகளின் புள்ளிகளும் கொம்புகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் சொல்லைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

படத்தில் “இன்று அஷ்டமி” என்று ஒருபோதும் எழுதாதீர்கள். பகிரப்படும் படம் அடுத்த மாதமும் சுற்றும். திதியோ பெரும்பாலும் ஒரு நாள் நடுவில் தொடங்கி மறுநாள் முடியும். தேதி, கிழமை, திதி தொடங்கும் நேரம் ஆகியவற்றைப் பஞ்சாங்கம் பார்த்து எழுதுங்கள், இல்லையேல் நாளைச் சொல்லாமல் வழிபாட்டை மட்டும் சொல்லுங்கள்.

சமூகப் பதிவில் வீடியோவின் வாசகத்தை அப்படியே ஒட்டினால், பார்த்தவர்கள் கடந்துபோவார்கள். வீடியோவில் இடம் கிடைக்காத ஒன்றை இரண்டு மூன்று வரியில் சொல்லி, அனுபவத்திலிருந்து ஒரே வரியில் பதில் வரக்கூடிய கேள்வியைக் கேளுங்கள்: “உங்கள் வீட்டில் பூசணி விளக்குக்கு நல்லெண்ணெயா, இலுப்பை எண்ணெயா?” அஷ்டமிக்கு முந்தைய நாள் மாலையில் போட்டால், மறுநாள் கோயிலுக்குக் கிளம்புகிறவர்கள் பதில்களையும் படித்துவிட்டே பூசணி வாங்குவார்கள்.