விளைச்சல் வர்றது வருஷத்துக்கு ரெண்டு தடவ, இ.எம்.ஐ. மட்டும் மாசாமாசம்

கேள்வி: சார், போன வருஷம் டிராக்டர் வாங்க 6 லட்சம் லோன் போட்டேன். 12 பர்சன்ட் வட்டி, 5 வருஷம், மாசம் 13,347 ரூபாய். எனக்கு காசு கையில வர்றது அறுவடை அப்போ மட்டும்தான், வருஷத்துல ரெண்டு தடவ. நடுவுல இருக்கிற மாசத்துக்கு சித்தப்பாகிட்ட மூணு வட்டிக்கு வாங்கி கட்டுறேன், அறுவடை ஆனதும் அவருக்கு திருப்பி குடுத்துடுறேன். இதுவரைக்கும் ஒரு தவணை கூட தவறல. ஆனா கையில ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது. அடுத்த மாசம் அறுவடை, அதோட 12 தவணை முடியும். அரையாண்டு தவணையா மாத்திக்கலாம்னு பேங்க்ல சொல்றாங்க, ஆனா வட்டி கூட வரும்னு சித்தப்பா வேண்டாங்கிறார். மச்சான் வேற, அறுவடை காச ஏதாவது ஃபண்டுல போட்டு அதுல இருந்தே இ.எம்.ஐ. கட்டலாமேங்கிறான். அரையாண்டு தவணைய எப்படி கணக்கு போடுவாங்க, எனக்கு எது சரி?

பதில்: ஒரு தவணையும் தவறலன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்கு நீங்க குடுக்கிற விலை என்னன்னு முதல்ல பாத்துடுவோம். அறுவடை முடிஞ்ச கையோட ஒரு இ.எம்.ஐ. கட்டுறீங்க, அடுத்த அறுவடை வர்ற வரைக்கும் நடுவுல அஞ்சு மாசம் சித்தப்பா காசு. அந்த அஞ்சுல முதல் மாசம் வாங்கின 13,347 அஞ்சு மாசம் உங்க தலைமேல நிக்குது, ரெண்டாவது மாசம் வாங்கினது நாலு மாசம், அப்படியே கடைசியா வாங்கினது ஒரு மாசம். 5, 4, 3, 2, 1 கூட்டினா 15. அதாவது ஒரு இ.எம்.ஐ. தொகைக்கு 15 மாச வட்டி குடுக்கிறீங்க. மூணு வட்டின்னா 100-க்கு மாசம் 3 ரூபாய், 15 மாசத்துக்கு 45 ரூபாய், 13,347-க்கு சுமாரா 6,000 ரூபாய். இது ஒரு போகத்துக்கு. வருஷத்துக்கு 12,000. டிராக்டர் லோன் 12 பர்சன்ட், அத கட்ட வாங்குற கடன் 36 பர்சன்ட். கையில நிக்காததுக்கு காரணம் வேற எங்கயும் தேட வேண்டாம்.

அரையாண்டு தவணையில வட்டி கூட வரும்னு சித்தப்பா சொல்றது உண்மைதான், அதுல தப்பு இல்ல. மாசாமாசம் அசல் கொஞ்சம் கொஞ்சமா குறையும், ஆறு மாசத்துக்கு ஒருக்கா கட்டினா அதுவரைக்கும் முழு அசலுக்கும் வட்டி ஓடும். எவ்வளவு கூடங்கிறதுதான் கேள்வி, அத அவர் சொல்லல.

அடுத்த மாசத்தோட 12 தவணை முடிஞ்சா உங்க பாக்கி அசல் ஏறக்குறைய 5,06,800 இருக்கும் (பேங்க்ல ஸ்டேட்மென்ட் வாங்கி சரி பாத்துக்கோங்க, ஒரு சில நூறு முன்னபின்ன வரலாம்). மீதி 4 வருஷம்னா 8 அரையாண்டு தவணை. வருஷ வட்டி 12-ஐ ரெண்டா வகுத்தா அரையாண்டுக்கு 6 பர்சன்ட். மாச தவணைக்கு என்ன முறையோ அதேதான், மாசத்துக்கு 1 பர்சன்ட் இருந்த இடத்துல 6 வரும், 48 இருந்த இடத்துல 8 வரும், அவ்வளவுதான் வித்தியாசம். போன்ல இருக்கிற ஸ்ப்ரெட்ஷீட்ல இத அப்படியே போட்டுப் பாருங்க:

```
=PMT(0.06, 8, -506800)
```

81,613-ன்னு வரும். 81,600-ன்னே வச்சுக்குவோம். இந்த தொகை உள்ள எப்படி பிரியுதுன்னும் பாத்துக்கோங்க. முதல் தவணையில 5,06,800-க்கு 6 பர்சன்ட், 30,400 ரூபாய் வட்டிக்கு போகும், மீதி 51,200 அசல்ல கழியும். அசல் 4,55,600-க்கு வந்துடும். ரெண்டாவது தவணையில அதுக்கு 6 பர்சன்ட், 27,300 வட்டி, 54,300 அசல். இப்படியே வட்டி குறைஞ்சு அசல் கழியறது கூடிக்கிட்டே போய் எட்டாவதுல பூஜ்யம் ஆகணும். உங்களுக்கு குடுக்கிற அட்டவணையில ரெண்டாவது வரியில வட்டி 27,300 கிட்ட இல்லாம திரும்பவும் 30,400-ன்னே இருந்தா கையெழுத்து போடாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

இப்ப ஒப்பிட்டுப் பாருங்க. ஆறு இ.எம்.ஐ. சேந்தா 80,100. அரையாண்டு தவணை 81,600. ஒரு போகத்துக்கு 1,500 ரூபாய் கூட, எட்டு தவணைக்கும் சேத்து 12,000 சொச்சம். சித்தப்பா பயமுறுத்தின கூடுதல் வட்டி இவ்வளவுதான். ஆனா நீங்க அறுவடை அன்னைக்கு நெசமா கையில இருந்து எடுத்து வைக்கிறது எவ்வளவு? அவருக்கு அஞ்சு இ.எம்.ஐ. 66,700, அதுக்கு வட்டி 6,000, அந்த மாச இ.எம்.ஐ. 13,300, மொத்தம் 86,000. அதே நாள்ல அரையாண்டு தவணையா கட்டினா 81,600. ஒவ்வொரு அறுவடைக்கும் 4,400 உங்ககிட்டயே நிக்கும், நாலு வருஷத்துல 35,000 சொச்சம். மாத்துறதுக்கு பேங்க் ஏதாவது கட்டணம் கேட்டா இந்த 35,000-ஐ மனசுல வச்சுக்கிட்டு பேசுங்க, சில ஆயிரம்னா தாராளமா குடுக்கலாம்.

மாத்துறதுக்கு சரியான நேரம் அடுத்த மாசம்தான். அறுவடை காசுல சித்தப்பா கணக்க முழுசா முடிச்சு, 12-வது இ.எம்.ஐ.யையும் கட்டிட்டு, அந்த நாள்ல இருந்து அரையாண்டு ஆரம்பிக்கணும். நடுவுல ரெண்டு மாசம் கழிச்சு மாத்தினா திரும்ப ரெண்டு இ.எம்.ஐ.க்கு அவர்கிட்ட போய் நிப்பீங்க.

தேதி விஷயத்துல ரொம்ப கறாரா இருங்க. அறுத்த அன்னைக்கே காசு வர்றதில்ல, வித்து கைக்கு வர சில வாரம் ஆகும், மழை வந்தா அறுவடையே தள்ளிப் போகும். அதனால தவணை தேதிய அறுவடை மாசத்துல வைக்காம, ஒரு மாசமோ ஒன்றரை மாசமோ தள்ளி வைக்கச் சொல்லுங்க. அந்த இடைவெளிக்கு வட்டி தனியா போடுவாங்க, உங்க பாக்கிக்கு மாசம் 5,000 ரூபாய் கிட்ட வரும், ஒரே ஒரு தடவதான், குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம். ஏன் இவ்வளவு சொல்றேன்னா, மாச தவணை தவறினா 13,000 தான் பாக்கி நிக்கும், அரையாண்டு தவணை தவறினா 81,600-ம் ஒரே நாள்ல பாக்கி ஆயிடும், அபராதமும் அது மேல ஏறும். இந்த முறையில இருக்கிற பெரிய ஆபத்து இதுதான்.

இப்ப அந்த ரெண்டாவது வரி விஷயம். லோன் குடுக்கிற இடத்துல சில பேர் 12 பர்சன்ட் ஃப்ளாட்னு ஒண்ணு சொல்லுவாங்க. 5,06,800-க்கு 4 வருஷ வட்டிய மொத்தமா போட்டா 2,43,000, அசலோட சேத்து எட்டால வகுத்தா தவணை 93,750. நீங்க அசல் கட்டக் கட்ட வட்டி குறையவே குறையாது, ஆரம்பத்துல இருந்த அசலுக்கே கடைசி வரைக்கும் வட்டி. பேர்தான் 12, உண்மையில அது 19-க்கு மேல. இதுல ஏமாற ஒரு காரணம் இருக்கு. அசல சமமா பிரிச்சு, குறையிற பாக்கிக்கு மட்டும் வட்டி போடுற ஒரு நியாயமான முறையும் இருக்கு, அதுலயும் முதல் தவணை அதே 93,750 தான் வரும். முதல் தவணைய மட்டும் பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். அந்த நியாயமான முறையில ரெண்டாவது தவணை 90,000-க்கு இறங்கும், அப்புறம் ஒவ்வொண்ணும் 3,800 ரூபாய் குறைஞ்சுக்கிட்டே வரும், ஃப்ளாட்ல எட்டும் 93,750 தான். அதனாலதான் முழு அட்டவணையும் எழுத்துல கேளுங்கன்னு சொல்றேன், வாயால சொல்ற வட்டிய நம்பாதீங்க.

உங்க ரெண்டு போகமும் ஒரே மாதிரி விளையுதான்னு நீங்க எழுதல. ஒரு போகம் சுமாராத்தான் வரும்னா, ரெண்டு தவணையும் ஒரே அளவு இருக்கணும்னு கட்டாயமில்ல, பேங்க் ஒத்துக்கிட்டா சின்ன போகத்துக்கு சின்ன தவணை வைக்கலாம். சின்ன போகத்துக்கு 50,000-ன்னு வச்சா 31,600 குறையுது, அது ஆறு மாசத்துல 6 பர்சன்ட் வளந்து 33,500 ஆகி அடுத்த தவணையோட சேரும், அப்ப பெரிய போகத்துல 1,15,100 கட்டணும். வருஷத்துக்கு 1,900 தான் கூட. ஆனா எந்தத் தவணையும் அந்த அரையாண்டு வட்டிக்குக் கீழ போகக் கூடாது, முதல் தவணைக்கு அது 30,400. அதுக்குக் கீழ போனா அசல் குறையாம ஏற ஆரம்பிச்சுடும். ஒரு போகம் மொத்தமா போச்சுன்னாலும் இதே கணக்குதான், தவணை தேதிக்கு முன்னாடியே பேங்க்ல போய் எழுதிக் குடுத்து, வட்டிய மட்டுமாவது கட்டிடப் பாருங்க.

மச்சான் சொல்றத தயவுசெஞ்சு விட்டுடுங்க. ஆறு மாசத்துக்குள்ள கட்டியே ஆக வேண்டிய காச ஏறி இறங்குற எதுலயும் போடக் கூடாது. தவணை வர்ற மாசம் மார்க்கெட் 10 பர்சன்ட் இறங்கியிருந்தா அந்த ஓட்டைய அடைக்க நீங்க போகப் போறது எங்கன்னு உங்களுக்கே தெரியும், சித்தப்பா வீட்டுக்குத்தான். ஆறு மாசம் நடுவுல சும்மா இருக்கிற காசு பேங்க் டெபாசிட்லயே கிடக்கட்டும், இல்ல முன்கூட்டி கட்ட கட்டணம் இல்லன்னா கொஞ்சத்த லோன்லயே கட்டிடுங்க, 12 பர்சன்ட் வட்டி மிச்சம்.

ஒரு வேளை பேங்க் மாத்தித் தரலன்னா, இ.எம்.ஐ. மாசாமாசமே இருக்கட்டும், ஆனா இந்த அறுவடையில ரெண்டு இ.எம்.ஐ. காச, 26,700 ரூபாய், தனியா எடுத்து வச்சுடுங்க. முதல் ரெண்டு மாசத்துக்கு அத கட்டிட்டு மூணாவது மாசத்துல இருந்து சித்தப்பாகிட்ட வாங்கினா, 15 மாச வட்டி வெறும் 6 மாசமா குறையும், 6,000 குடுத்த இடத்துல 2,400 போதும். அறுவடை முடிஞ்ச உடனே வாங்குற கடன்தான் ரொம்ப நாள் நிக்குது, வட்டியும் அதுக்குத்தான் ஜாஸ்தி. மிச்சமாகுற 3,600-ஐயும் வேற செலவுக்கு எடுக்காம, அடுத்த அறுவடையில இன்னும் 9,700 போட்டா மூணாவது இ.எம்.ஐ.யும் உங்க காசுலயே கட்டிடலாம். அப்படி ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு மாசமா குறைச்சுக்கிட்டே வந்தா நாலாவது அறுவடையோட அவர்கிட்ட கைமாத்தே கேக்க வேண்டியிருக்காது.