திருத்தக் கொடுத்த போனில் மூன்றாவது விரல்

"டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்தால் கடையில் பின் நம்பர் கேட்கிறார்கள். என் கைரேகை இல்லாமல் பேங்க் ஆப் திறக்காதுதானே, நம்பரைக் கொடுத்தால் என்ன?"

கொடுக்காதீர்கள். கைரேகை என்பது பின் நம்பருக்கு மேல் போட்ட இரண்டாவது பூட்டு இல்லை. நம்பரை அடிக்கடி அடிக்கிற அலுப்புக்கு வைத்த குறுக்குவழி, அவ்வளவுதான். நம்பர் தெரிந்தவர் செட்டிங்ஸுக்குள் போய்த் தன் விரலையும் பதிந்துவிடலாம்.

போன மாரியில் மச்சானின் போன் கல்லடிப் பாலத்தில் விழுந்து உடைந்தது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தார். கடைப் பொடியன் பின் நம்பரைச் சின்னத் துண்டில் எழுதி, போனின் முதுகிலேயே ஒட்டிவைத்தான். இரண்டு நாள் கழித்து வாங்கிவந்தால் பேங்க் ஆப் விரலை ஏற்கவில்லை, பாஸ்வேர்ட் கேட்டது. புது டிஸ்ப்ளேயின் கோளாறு என்றார் மச்சான். ஆனால் அதே விரலுக்குப் போன் திறந்தது. சென்சரும் பக்கத்துப் பட்டனில்தான் இருக்கிறது. செட்டிங்ஸில் பார்த்தோம். அவர் பதிந்தது இரண்டு விரல், அங்கே இருந்தது மூன்று. பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் பதிந்திருப்பான், அவனைக் கள்ளன் என்று சொல்லமாட்டேன்.

கைரேகை லாகினை இயக்கும்போது, ஒழுங்காகச் செய்த ஆப் போனின் பாதுகாப்புப் பகுதிக்குள் ஒரு இரகசியச் சாவியை உருவாக்கி வைக்கும். புது விரல் ஒன்று சேர்ந்தால் அந்தச் சாவி செல்லாது. அதனால்தான் பாஸ்வேர்ட் கேட்டது.

எல்லா ஆப்பும் இப்படியில்லை. மச்சான் பேங்க் ஆப்பைச் சரிசெய்த பிறகு என் பெருவிரலைப் பதிந்து பார்த்தேன். பேங்க் ஆப் மறுத்தது. காசு அனுப்பும் இன்னொரு ஆப் மறுபேச்சில்லாமல் திறந்தது! அது "விரல் சரியா" என்று மட்டுந்தான் போனிடம் கேட்கிறது. எந்த விரல், யாருடையது என்று போன் சொல்வதில்லை. சில ஆப்களுக்குக் கைரேகைக்குப் பதிலாகப் போனின் பின் நம்பரே போதும்.

போனின் அந்தப் பாதுகாப்புப் பகுதியைக் குறை சொல்ல முடியாது. உங்கள் ரேகைப் பதிவைப் போனைவிட்டு வெளியே விடாது. நம்பரை ஊகித்து அடிப்பவனைச் சில பிழைகளுக்குப் பிறகு காக்கவைக்கும். ஆனால் முதுகில் ஒட்டிய துண்டைப் பார்த்து அடிப்பவனை அது என்ன செய்யும்? (முன் கேமராவால் மட்டும் முகம் பார்க்கிற மலிவுப் போன்கள் பல ஒரு படத்துக்கே திறந்துவிடும், அதை நிறுத்தியே வையுங்கள்.)

சாம்சங் என்றால் செட்டிங்ஸில் Maintenance mode என்று தேடுங்கள், பிக்சலில் Repair mode. அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் படங்களும் ஆப்களும் தெரியாமலே சோதிக்கலாம். அந்த வசதி இல்லாவிட்டால் காசு ஆப்களிலிருந்து லாக்அவுட் செய்து, சிம்மைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள், எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி அங்கே போகாது. ஏற்கெனவே நம்பரைக் கொடுத்திருந்தால் முதலில் பின் நம்பரை மாற்றுங்கள், அப்புறம் எல்லா விரலையும் அழித்துவிட்டு உங்களுடையதைப் பதியுங்கள். விரலை மட்டும் அழித்தால் பழைய நம்பரை வைத்துத் திரும்பவும் பதியலாம்.