230 x 380 பில்லருக்கு 8 எம்எம் ரிங் கட்டிங் லெங்த் எனக்கு 964 வருகிறது, சரியா?

இப்போதுதான் சைட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை, ஆனால் அந்த அளவில் வெட்டாதீர்கள்; 1030 மி.மீ. வேண்டும்.

கவர் 40 போக ரிங்கின் வெளி அளவு 150 x 300, சுற்றளவு 900. கொக்கிக்கு விட்டத்தைப் போல் பத்து மடங்கு வீதம் 160 கூட்டி, மூன்று 90 டிகிரி வளைவுக்கு 48, இரண்டு 135 டிகிரி வளைவுக்கு 48 கழித்திருப்பீர்கள். எல்லோரும் மனப்பாடம் செய்யும் கணக்கு இது. இதில் ஒரு கொக்கிக்கு மூலையைத் தாண்டி 80-24, அதாவது 56 மி.மீ.தான் கிடைக்கிறது. அந்த மூலையை 135 டிகிரி சுற்றி வரவே சுமார் 23 போய்விடும். நேராக மிஞ்சுவது 33. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 13920 (2016) கேட்பது விட்டத்தின் ஆறு மடங்கு, ஆனால் 65 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 8 எம்எம்முக்கு ஆறு மடங்கு 48தான் என்பதால் 65தான் கணக்கு.

ஒரு வீட்டு வேலையில் இதற்காகவே கம்பி மேஸ்திரியோடு மல்லுக்கு நின்றேன். அவர் 960-இல் வெட்டி அடுக்கிவிட்டார். "காலங்காலமா இப்படித்தான் சார்" என்றார். ஒன்றை வளைக்கச் சொல்லி, வளைவு முடிந்த இடத்திலிருந்து டேப் வைத்தேன். நுனி இரண்டு விரற்கடை கூட இல்லை. நிலநடுக்கத்தில் மேல்பூச்சு கான்கிரீட் உதிர்ந்தால், உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி அதுதான். அவர் விடாததற்குக் காரணம் வேறு: 12 மீட்டர் கம்பியில் 964 என்றால் 12 ரிங் வரும், 1030 என்றால் 11தான். வீட்டுக்காரரும் அவர் பக்கம். எனக்குச் சம்பளம் தேதிக்கு வந்ததில்லை, ஆனால் ஒரு ரிங் குறைந்தால் மட்டும் எல்லோருக்கும் கணக்குத் தெரிந்துவிடும். சரி, அதை விடுங்கள்.

1030 எப்படி வந்தது? 900-இல் மூன்று வளைவுக்கு 48 கழித்தால் 852. கொக்கி மூலை சுற்ற 23 வீதம் 46, நுனிக்கு 65 வீதம் 130. மொத்தம் 1028, அதை 1030 ஆக்கிக்கொள்ளுங்கள்.

"135 டிகிரி வளைவுக்கு 3டி, அதாவது விட்டத்தின் மூன்று மடங்கு கழிக்கச் சொல்லித்தானே ஷீட்டில் இருக்கிறது" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: நுனி நீளத்தை எங்கிருந்து அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்தக் கழிவு மாறும். நான் வளைவின் உள் ஆரத்தை விட்டத்தின் இரண்டு மடங்காக வைத்திருக்கிறேன். உங்கள் பலகையில் முளை மெல்லியதாக இருந்தால் சில மி.மீ. வித்தியாசம் வரும். அதனால் முதலில் ஒரே ஒரு ரிங் வெட்டி வளைத்து, வெளி அளவு 150 x 300 வருகிறதா, இரண்டு நுனியும் 65 இருக்கிறதா என்று பார்த்த பிறகு மீதியை வெட்டச் சொல்லுங்கள்.