3/20 ஒயரும் 2.5 சதுர மி.மீ.யும் ஒன்றா?

"பழைய வீட்டு ஒயரை எலக்ட்ரீசியன் 3/20 என்கிறார். இணையப் பட்டியலில் 20 கேஜ் 0.81 மி.மீ.; நான் அளந்தால் 0.91 வருகிறது. இது 2.5 சதுர மி.மீ.க்குச் சமமா? 3 கிலோவாட் கீசர் மாட்டலாமா?"

உங்கள் அளவு சரி, பட்டியல்தான் வேறு ஊருடையது. 0.81 என்பது அமெரிக்க கேஜ். நம் பழைய ஒயர்களில் வருவது பிரிட்டிஷ் கேஜான எஸ்.டபிள்யூ.ஜி.; அதில் 20 என்றால் 0.914 மி.மீ. விட்டம். இரண்டிலும் எண் கூடினால் கம்பி மெலியும் என்பது மட்டுமே பொது.

3/20 என்றால் 20 கேஜ் கம்பி மூன்று இழை. ஓர் இழையின் பரப்பு 0.785 × 0.914 × 0.914, அதாவது 0.66 சதுர மி.மீ. மூன்றுக்கும் சேர்த்து 1.97. ஆகவே 2.5 இல்லை, 2கூட முழுதாக இல்லை. முறுக்கிய கற்றையின் மொத்த விட்டத்தை அளந்து பரப்புப் போட்டால் இடைவெளியும் சேர்ந்து ஏமாற்றும். ஓர் இழையைப் பிரித்து அளப்பதே சரி.

மெயினை அணைத்துவிட்டு ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். மேலே வெள்ளையாக இருந்து உள்ளே சிவந்தால் ஈயம் பூசிய செம்பு. உள்ளேயும் வெள்ளை என்றால் அலுமினியம்; அதன் கடத்துதிறன் செம்பில் சுமார் 60 சதவீதம்தான் என்பதால், உங்கள் 1.97 ஏறக்குறைய 1.2 சதுர மி.மீ. செம்புக்கே ஈடு.

3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். செம்பாகவே இருந்தாலும் அந்தப் பழைய ஒயரில் நான் மாட்டமாட்டேன். மெயின் பெட்டியிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு ஒயரைத் தனியாக இழுத்துவிடுங்கள். பழைய கணக்கில் அதற்கு நெருக்கமானது 7/20, அது 4.6 வரும்.