முதல் சிம்மில் பேசும்போது இரண்டாவது சிம் ஏன் கிடைப்பதில்லை?

"முதல் சிம்மில் பேசிக்கொண்டிருக்கையில் இரண்டாவது எண்ணை அழைப்பவர்களுக்கு ‘தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்’ என்று வருகிறது. சிக்னல் நன்றாகவே இருக்கிறது. கைபேசி பழுதா?"

பழுதில்லை. இவ்வகைக் கைபேசிகளில் சிம் இரண்டானாலும் அலைவாங்கி ஒன்றுதான். நீங்கள் பேசாதிருக்கும்போது ஒவ்வொரு வலையமைப்பும் தனக்குரிய கணத்தில் மட்டுமே, 4ஜியில் வழக்கமாக 1.28 நொடிக்கு ஒருமுறை, உங்களுக்கு அழைப்பு உண்டா என்று அறிவிப்பதால், அந்த ஒற்றை அலைவாங்கி இரண்டு பக்கமும் மாறிமாறிச் செவிகொடுத்துச் சமாளிக்கிறது. பேச்சு தொடங்கியதும் அது முதல் வலையமைப்புக்கே முழுவதும் கட்டுப்பட்டுவிடுவதால், இரண்டாவது வலையமைப்பின் அறிவிப்பைக் கேட்க ஆளில்லை. பதில் வராத அவ்வலையமைப்பு, நீங்கள் எல்லைக்கு வெளியே இருப்பதாக முடிவுசெய்கிறது. அப்போது திரையில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் பேச்சுக்கு முந்தைய நிலையே. பேச்சு முடிந்த சில நொடிகளில் இரண்டாவது எண் ஒலித்தால், காரணம் இதுதான்.

இரண்டாவது சிம்மிலிருந்து இதை டயல் செய்து, ‘எட்ட இயலாதபோது’ வரும் அழைப்புகளை முதல் எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள்:

```
**62*முதல் எண்#
```

முதல் சிம்மில் அழைப்புக் காத்திருப்பு இயங்கினால்தான் அந்த அழைப்பு உங்கள் காதுக்கு எட்டும். அதை இயக்க `*43#`. திருப்பலை நீக்க `##62#`. திருப்பப்படும் அழைப்புக்குச் சில திட்டங்களில் உங்களிடமே கட்டணம் பிடிப்பார்கள் என்பதால், முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சிம்மில் வைஃபை அழைப்பு வசதி இருந்தால், வீட்டு வைஃபையில் இச்சிக்கலே எழாது. அவ்வழைப்பு அலைவாங்கியை நாடுவதில்லை.